மூன்று பட்டைகளும் ஒரு ழகரமும்

பழம், பலம். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் காற்றில் வாழ்வது விநாடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகள் கொண்ட மெல்லிய ஒலிகளில். மைக், அறைச் சுவர், இணையம், மாணவரின் கைபேசி என நான்கு இடங்களில் அடிபட்டுத்தான் அது காதுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் தொலைந்துவிட்டால், ஆசிரியர் பழம் என்பார், பிள்ளை பலம் என்று எழுதிக்கொள்ளும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் வன்னியம்பட்டி இருக்கிறது. அங்கே என் மாமா வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறார். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது கைபேசியில் தொடங்கிய வகுப்பு இது. இப்போது மடிக்கணினி, யூஎஸ்பி மைக், ஓபிஎஸ் ஸ்டுடியோ என்று வளர்ந்திருக்கிறது. ஓபிஎஸ் என்பது திரையையும் கேமராவையும் குரலையும் ஒன்றாகச் சேர்த்து யூடியூப்புக்கு நேரலையாக அனுப்பும் இலவச மென்பொருள். மாமாவின் ழகரம் சுத்தமானது. ஆனால் பிள்ளைகளிடமிருந்து வந்த புகார் ஒன்றேதான்: "ஐயா, நீங்க குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

ஓபிஎஸ்ஸில் மைக்கின் பெயர்மேல் வலது சொடுக்கு கொடுத்து `Filters` என்பதைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தினால் `3-Band Equalizer` என்று ஒன்று வரும். 2023 ஜனவரியில் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து இது மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஈக்வலைசரைத் தமிழில் சமனி என்கிறோம். ஒரு ஒலியில் கலந்திருக்கும் கனத்த பகுதியையும் கூர்மையான பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி அது. திறந்தால் `High`, `Mid`, `Low` என மூன்று பட்டைகள். ஒவ்வொன்றையும் 20 டெசிபல் வரை ஏற்றலாம், இறக்கலாம். பார்க்க இவ்வளவுதான்.

இந்த மூன்றும் எதைப் பிரிக்கின்றன? ஒலியின் அதிர்வை விநாடிக்கு இத்தனை என்று எண்ணுகிறோம், அந்த எண்ணிக்கைக்கு அலகு ஹெர்ட்ஸ். `Low` என்பது 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே, `High` என்பது 5000க்கு மேலே, நடுவில் உள்ளதெல்லாம் `Mid`. ஆண்குரலின் அடித்தொனி பெரும்பாலும் 85க்கும் 180க்கும் இடையில் விழும், பெண்குரலின் அடித்தொனி 200ஐ ஒட்டி இருக்கும். ஆக, குரலின் கனமும் உருவமும் `Low` வட்டாரத்தில் குடியிருக்கின்றன. சகரத்தின் சீற்றம் போன்ற காற்றொலிகள் `High` பக்கம் போய்விடுகின்றன.

தமிழின் ர, ற, ல, ள, ழ எங்கே இருக்கின்றன? சிறீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகிய மூவரும் இந்த ஐந்து ஒலிகளையும் ஆராய்ந்து 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். காந்தப் படக் கருவிக்குள் ஆளைப் படுக்கவைத்து, நாக்கு வாய்க்குள் எப்படி மடிகிறது என்பதையே படமாக்கிய ஆய்வு அது. நாக்கின் மடிப்பு மாறும்போது வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் எந்தெந்த அதிர்வுகள் எடுப்பாகும் என்பதும் மாறுகிறது. நாக்கை மேல்நோக்கி வளைக்கும் ழகரத்தில் மூன்றாவது எடுப்பு கீழே இறங்கி 2000 ஹெர்ட்ஸை நெருங்கி வரும். லகரத்தில் அது அதைவிட நன்றாக உயரத்தில் நிற்கும். காது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பழம் வேறு, பலம் வேறு என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்த இடம் முழுக்க `Mid` பட்டையின் எல்லைக்குள் வருகிறது.

அப்படியானால் `Mid`-ஐ ஏற்றினால் முடிந்ததே என்று தோன்றும். மாமாவும் அதைத்தான் செய்து வைத்திருந்தார். குரல் கத்தலாக மாறியதே தவிர, குடம் போகவில்லை.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் குழாயை விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம் வரும். அதன் நெடுகிலும் ஒரு சவ்வு ஓடுகிறது. நுழைவாயில் பக்கம் கூர்மையான ஒலிகளுக்கும், கடைசி முனை கனத்த ஒலிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒலி அந்தச் சவ்வில் அலையாக நகர்ந்து போவதைக் கண்டறிந்ததற்காக கேயோர்க் பேக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அமைப்பில் ஒரு தவிர்க்க முடியாத விளைவு உண்டு. கனத்த ஒலி தன் இடத்தை அடைய வேண்டுமானால் கூர்மையான ஒலிகளின் வட்டாரத்தைக் கடந்துதான் போக வேண்டும், போகிற போக்கில் அந்தச் சவ்வையும் ஆட்டிவிட்டுப் போகும். கூர்மையான ஒலி நுழைவாயிலிலேயே இறங்கிவிடுவதால் கனத்த ஒலியை அது தொந்தரவு செய்வதில்லை. பலமான கனத்த ஒலி தனக்கு மேலே இருப்பதை மறைக்கும், மறுதலையாக அவ்வளவு நடக்காது. 1924இலேயே வெகல், லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்.

மாமாவின் ழகரம் மைக்கில் ஒழுங்காகவே பதிவாகிக்கொண்டிருந்தது. பதிவைப் பிரித்துப் பார்த்தால் அது இருக்கிறது. பிள்ளையின் காதுக்குள் போனபிறகுதான் கனத்த ஒலி அதன்மேல் ஏறி உட்கார்கிறது. எனவே தெளிவைக் கூட்ட முதலில் செய்ய வேண்டியது எதையோ குறைப்பது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெச்சர் தொலைபேசிக்காகச் செய்த சோதனைகள் இதற்குத் துணை நிற்கின்றன. பேச்சில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் ஒலியாற்றலில் பாதிக்கு மேல் போய்விடும், ஆனால் சொற்கள் புரிவது மிகக் கொஞ்சமே குறையும். பேச்சின் பலம் ஓரிடத்தில், பொருள் வேறோரிடத்தில்.

மாமாவுக்கு அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பது அவருடைய அறையிலேயே எழுதியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, பூச்சு வேலை செய்த சுவர், கான்கிரீட் கூரை, உயரமும் பத்தடி. நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலை போய்த் திரும்பி, தன்னோடு தானே ஒத்துப்போகும் அதிர்வெண்களைக் கணக்கிடலாம். முதலாவது 57 ஹெர்ட்ஸ், அடுத்தது அதன் இருமடங்கு, 115. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்தான் எடுப்பாகிறது. மாமா நிதானமாகப் பேசும்போது அவருடைய அடித்தொனி ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. அவர் பேசப் பேச அறை அவரோடு சேர்ந்து பாடுகிறது.

அதோடு அவர் மேசையை அறையின் நட்டநடுவில், மின்விசிறிக்குக் கீழே போட்டிருந்தார். அந்த 115 ஹெர்ட்ஸ் அலைக்கு அழுத்தம் உச்சமாக இருக்கும் இடங்கள் இரண்டு சுவர்களும் அறையின் மையமும். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்கும் இடத்தில் அதே அலை ஏறக்குறைய அடங்கிப்போகும். மைக்கை நடுவிலிருந்து இரண்டரை அடி நகர்த்தினால் உச்சத்திலிருந்து அடக்கத்துக்கு வந்துவிடுகிறோம்! மென்பொருளைத் தொடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். அடுத்தது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்த மைக்குகள், வாய் மிக அருகில் போனால் கனத்த ஒலியைத் தாமாகவே மிகைப்படுத்தும். மாமா நாலு விரற்கடையில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சாண் தள்ளி வைத்ததும் ஒரு பங்கு கனம் தானாக இறங்கியது. சட்டையில் மாட்டும் காலர் மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் வாங்குபவை, அவற்றுக்கு இந்தக் குணம் கிடையாது. அவற்றுக்கு வேறு குறை உண்டு. தாடைக்குக் கீழே இருப்பதால் 3000, 4000 ஹெர்ட்ஸ் வட்டார ஒலி அவற்றுக்குக் குறைவாகவே வந்து சேரும். அங்கே `Mid`-ஐ இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுவது நியாயம்.

இதற்குப் பிறகுதான் `Low` பட்டை. அதன் உள்ளே நடப்பதுதான் என்னை அசரவைத்தது.

குரல் கணினிக்குள் போகும்போது விநாடிக்கு 48,000 எண்களாக நறுக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் வரும்போது ஓபிஎஸ் செய்யும் வேலை பள்ளிக் கணக்குதான். புது எண்ணுக்கும் பழைய விடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு அளவை எடுத்துப் பழைய விடையோடு கூட்டுகிறது. வேகமாக மேலும் கீழும் ஆடும் எண்கள் இந்தச் சோம்பலான கூட்டலில் அடிபட்டுப் போகும், மெதுவாக ஆடுபவை தப்பிக்கும். இதையே அடுத்தடுத்து நான்கு முறை செய்தால் மிஞ்சுவது `l` என்ற கனத்த பகுதி மட்டும். கூர்மையான பகுதிக்கு இன்னொரு நான்கு படி, அதில் மிஞ்சும் `hf`-ஐ மூலத்திலிருந்து கழித்தால் வருவது `h`. இந்த இரண்டையும் மூல ஒலியிலிருந்து கழித்தால் நடுப்பகுதி கிடைத்துவிடுகிறது, அதற்கென்று தனி வடிகட்டி தேவையில்லை.

```
h = மூலம் − hf
m = மூலம் − (h + l)
விடை = l × Low + m × Mid + h × High
```

இதில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. மூன்று பட்டைகளும் சுழியத்தில் இருந்தால் மூன்றும் கூடி மறுபடி மூலமாகவே வந்துவிடும், துளி சேதமில்லை. மூன்றே மூன்று எண்கள் தாமதமாக வரும், அவ்வளவுதான். அதாவது விநாடியில் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் நான்கு படி சோம்பலுக்கு ஒரு விலை உண்டு. பிரித்தெடுத்த கனத்த பகுதி மூலத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. பின்தங்கிய ஒன்றைக் கழித்தால் முழுசாகக் கழியாது, மீதி `m` என்ற நடுப்பகுதிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இந்தச் சூத்திரத்தைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். `Low`-ஐ 6 டெசிபல் இறக்கினால் மாமாவின் 115 ஹெர்ட்ஸ் சுமார் 4 டெசிபல் இறங்குகிறது. 12 இறக்கினால் 6க்குச் சற்று மேல். அடிமட்டம்வரை 20 இறக்கினாலும் 7ஐத் தாண்டுவதில்லை. 300 ஹெர்ட்ஸுக்கு வந்தால் எவ்வளவு இறக்கினாலும் ஒரு டெசிபல்கூடக் குறைவதில்லை. ஏற்றும்போது கதை வேறு. 6 ஏற்றினால் 115 ஹெர்ட்ஸில் ஐந்தரையும் 300 ஹெர்ட்ஸில் மூன்றரையும் ஏறிவிடுகிறது. ஒரே பட்டைதான், ஏற்றத்தில் வலுவாகவும் இறக்கத்தில் மெதுவாகவும் வேலை செய்கிறது.

நடைமுறைக்கு இதன் பொருள் இரண்டு. `Low`-ஐ 12க்குக் கீழே இழுப்பதில் பலன் அநேகமாக இல்லை. அந்த அளவுக்கு இழுத்தும் குடம் போகவில்லை என்றால் கோளாறு அறையிலோ மைக் இருக்கும் இடத்திலோதான். அடுத்தது, 300 ஹெர்ட்ஸ் பக்கம் முட்டும் அடைசலான குரலுக்கு இந்தப் பட்டை உதவாது. அதற்கு எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் வெட்டுவது என்று நாமே குறிக்கும் சமனி வேண்டும். விண்டோஸ் கணினியில் `ReaEQ` என்ற இலவசச் செருகி கிடைக்கிறது, ஓபிஎஸ்ஸின் `VST 2.x Plug-in` வழியாக அதை மாட்டலாம்.

மாமாவுக்கு நாங்கள் கடைசியில் வைத்தது `Low` மைனஸ் 8, `Mid` ப்ளஸ் 2, `High` சுழியம். கனம் இறங்கியதில் சாலையில் போகும் லாரிகளின் உறுமலும் சேர்ந்து இறங்கியது, அதுவும் அதே வட்டாரத்து ஒலிதான். சமனி தொட முடியாதது ஒன்று மிச்சமிருந்தது, சுவர்களின் எதிரொலி. அது எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பது, காலத்தில் பிந்தி வருவது. அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியால் பிந்தி வந்ததை எடுக்க முடியாது. முன்னால் கட்டிலைப் போட்டு அதன்மேல் மெத்தையைச் சுவரில் சாத்தியபிறகுதான் அது அடங்கியது.

அதே வீட்டில் அத்தை மாலையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறார். அவருக்கு நேரெதிர்ப் புகார்: "டீச்சர், குரல் ரொம்ப சன்னமா கேக்குது." அவர் ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசுகிறார். மைக்கோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது பல ப்ளூடூத் ஹெட்செட்டுகள் பழைய தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். அதில் விநாடிக்கு 8,000 எண்கள்தான், எனவே 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் இல்லை. `High` பட்டையை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றிப் பார்த்தோம், சகரத்தின் சீற்றம் மட்டும் வரவே இல்லை. சொல்லப்போனால் இதுவே நல்ல சோதனை. `High`-ஐ ஏற்றி இறக்கும்போது சகரம் கூர்மையாகி மழுங்கினால் மைக் அந்த ஒலியைத் தருகிறது என்று பொருள். எவ்வளவு ஏற்றியும் அந்தச் சீற்றம் வரவில்லையென்றால் அங்கே ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அத்தையின் அடித்தொனி 200ஐ ஒட்டியது, அதுவும் அந்தச் சிறிய மைக்கில் பாதிதான் வருகிறது. அப்படியும் கேட்பவருக்கு அது பெண்குரலாக, அத்தையின் குரலாகவே கேட்கிறதே, எப்படி? 200 ஹெர்ட்ஸில் பேசுபவரின் குரலில் 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள சீரான 200 இடைவெளியை மூளை கண்டுகொண்டு, வந்து சேராத அடித்தொனியைத் தானே கேட்டுக்கொள்கிறது. தொலைபேசி காலங்காலமாக 300க்கும் 3400க்கும் இடைப்பட்டதை மட்டுமே அனுப்பியும் நாம் ஒருவரையொருவர் அடையாளம் கண்டது இப்படித்தான். அத்தைக்குச் சாதாரணக் கம்பி இயர்போனின் மைக்கை மாற்றிக் கொடுத்து, `Low`-ஐ 4 ஏற்றினோம். ஏற்றும்போது பட்டை வலுவாக வேலை செய்யும் என்பதால் அதற்குமேல் போகவில்லை.

ஏற்றினால் அளவுமானியைப் பார்க்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடும். பேச்சு மஞ்சளில், அதாவது மைனஸ் 20க்கும் மைனஸ் 9க்கும் நடுவில் நின்றால் போதும். சுழியத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அதைப் பிறகு எந்தச் சமனியாலும் சரிசெய்ய முடியாது.

பலர் இடறி விழும் இடம் ஒன்று இருக்கிறது. யூடியூப் நேரலைக்கோ பதிவுக்கோ ஓபிஎஸ் செய்த திருத்தம் அப்படியே போகும். கூகுள் மீட், ஜூம் என்றால் போகாது. ஓபிஎஸ்ஸின் `Virtual Camera` படத்தை மட்டும்தான் கொண்டுபோகும், ஒலியை அல்ல. மீட் நேராக மைக்கிலிருந்தே குரலை எடுத்துக்கொண்டிருக்கும், நாமோ பட்டைகளை இழுத்துக்கொண்டிருப்போம். இதற்கு `VB-CABLE` போன்ற ஒரு கற்பனைக் கம்பியை நிறுவ வேண்டும். ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்பில் `Monitoring Device` இடத்தில் `CABLE Input`, மைக்கின் `Advanced Audio Properties` பகுதியில் `Monitor and Output`, மீட்டில் மைக்காக `CABLE Output`. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சமனி வேலை செய்வதாகத் திரையில் தெரியும், வகுப்பில் கேட்காது.

சரிபார்க்கும்போது காது நம்மை ஏமாற்றும். சற்றே சத்தமாக இருப்பதை நல்லது என்று நினைப்பது அதன் வழக்கம். அதனால் சமனியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது, இரண்டிலும் அளவுமானி ஒரே இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா "பழம், பலம், பள்ளம், வாழை, வாளை" என்று கலைத்துக் கலைத்துச் சொல்ல, சமனி இல்லாமல் ஒன்றும் சமனியோடு ஒன்றுமாக இரண்டு பதிவு எடுத்தோம். கேட்டு எழுதியது பக்கத்து வீட்டுப் பிள்ளை. சொற்பட்டியலைப் பார்க்காத ஒருவர் எழுதினால்தான் கணக்கு, சொன்னவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் கேட்கும்.

எழுதுகிறவர் இயர்போனில் ஒருமுறை, கைபேசியின் ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்பது நல்லது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் தராது. அதில் மாமாவின் குடம் கேட்கவே கேட்காது, குரல் சின்னதாக மட்டும் ஒலிக்கும். கேட்காத அந்தக் கனம் அளவுமானியின் இடத்தை நிரப்பிவிடுகிறது, அதனால் சொற்களுக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். `Low`-ஐ இறக்கிவிட்டு மொத்த அளவைப் பழையபடி மஞ்சளுக்கு ஏற்றினால், கைபேசியில் கேட்கும் பிள்ளைக்கு மாமாவின் குரல் முன்பைவிடப் பெரிதாகவே கேட்கிறது.